ஒரு முகவரி, இரு கணினிகள்

நுழையும்முன்

ஒரே தெருவில் இரண்டு வீடுகளுக்கு ஒரே கதவு எண் இருந்தால், கடிதம் ஒருநாள் இங்கும் மறுநாள் அங்குமாகச் சேரும். கணினி வலையமைப்பிலும் இத்தகைய குழப்பம் நேர்வதுண்டு. அதைக் கண்டறியும் வழியை இப்பாடம் விளக்குகிறது.

சிக்கல்

கோபிசெட்டிபாளையத்தில் உள்ள ஒரு மேல்நிலைப் பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். மாணவர்களின் செய்முறைக் கோப்புகள் 192.168.1.20 என்னும் ஐ.பி. முகவரி கொண்ட வழங்கிக் கணினியில் சேமிக்கப்பட்டுள்ளன. ஒருநாள் பிற்பகல், சில கணினிகளில் கோப்புகள் திறக்கின்றன, சிலவற்றில் திறக்கவில்லை. கடைசியாக வழங்கியைப் பயன்படுத்திய மாணவன்மீது ஐயம் எழுகிறது. கோப்புகளை அவன் அழித்துவிட்டானோ என்று பலரும் பேசுகின்றனர்.

திறக்காத கணினியிலிருந்து அம்முகவரிக்கு ping கட்டளை அனுப்பினால் மறுமொழி வருகிறது. எனவே வலையமைப்பு நலமாக உள்ளது என்று எண்ணத் தோன்றும். ஆனால், மறுமொழி தந்தது எந்தக் கருவி என்பதை ping கூறுவதில்லை. ஏமாற்றம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

இரண்டு அட்டவணைகள்

ஒரு கணினி மற்றொன்றுக்குத் தரவு அனுப்ப, அதன் ஐ.பி. முகவரி மட்டும் போதாது. வலையமைப்பு அட்டைக்கு உரிய 48 பிட் மேக் முகவரியும் தேவை. ஆகவே, ‘இந்த ஐ.பி. முகவரி யாருடையது?’ என்று அது எல்லாருக்கும் கேட்கும்படி வினவுகிறது. உரிய கருவி தன் மேக் முகவரியை விடையாகத் தருகிறது. 1982இல் டேவிட் பிளம்மர் வரையறுத்த இம்முறையே ஏ.ஆர்.பி. எனப்படுகிறது. கிடைத்த விடையைக் கணினி தன் ஏ.ஆர்.பி. அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. விடை சொன்னவர் உண்மையானவர்தாமா என்று அது சோதிப்பதில்லை. இருவர் விடை சொன்னால், ஒரு கணினியில் ஒருவருடைய மேக் முகவரியும் வேறொரு கணினியில் மற்றவருடையதும் பதியக்கூடும்.

ஸ்விட்ச் வேறோர் அட்டவணையை வைத்திருக்கிறது. எந்த மேக் முகவரி எந்தப் போர்ட் வழியாக வந்தது என்பதே அதன் குறிப்பு. ஏ.ஆர்.பி. அட்டவணைக்குப் போர்ட் தெரியாது. ஸ்விட்சின் மேக் அட்டவணைக்கு ஐ.பி. முகவரி தெரியாது. இரண்டையும் இணைக்கும் கண்ணி மேக் முகவரியே.

தேடும் முறை

முதலில், வழங்கிக் கணினியிலேயே அதன் உண்மையான மேக் முகவரியைக் குறித்துக்கொள்ள வேண்டும். அது 00-00-5e-00-53-1a என்க. அடுத்து, கோப்பு திறக்காத கணினியில் நிருவாகி உரிமையுடன் பழைய பதிவை நீக்கி, மீண்டும் வினவச் செய்ய வேண்டும்.

```
arp -d 192.168.1.20
ping 192.168.1.20
arp -a 192.168.1.20
```

விடையில் 00-00-5e-00-53-c7 என்று வருகிறது. இது வழங்கியின் மேக் முகவரி அன்று. ஒரே ஐ.பி. முகவரியை இரண்டு கருவிகள் கொண்டுள்ளன என்பது உறுதியாகிறது. முதல் முயற்சியிலேயே வேறுபாடு தெரியாவிட்டால், வேறு சில கணினிகளிலும் இதைச் செய்து பார்க்க வேண்டும்.

இனி, அந்த மேக் முகவரியை ஸ்விட்சிடம் வினவ வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சுகளில் அதே எண் புள்ளிகளுடன் வேறு வடிவில் எழுதப்படும்.

```
show mac address-table address 0000.5e00.53c7
Vlan  Mac Address     Type     Ports
1     0000.5e00.53c7  DYNAMIC  Gi0/17
```

ஒரு கருவி பேசாமலிருந்தால், பல ஸ்விட்சுகளில் அதன் பதிவு 300 நொடிகளில் மறைந்துவிடும். ஆதலால், தவறான மேக் முகவரியைப் பதிந்துள்ள கணினியிலிருந்து ping ஓடிக்கொண்டிருக்கும்போதே அட்டவணையைப் பார்ப்பது நன்று.

பதினேழாம் போர்ட்டின் கம்பியைப் பின்தொடர்ந்தால் அது அலுவலக அறைக்குச் செல்கிறது. அந்தப் போர்ட்டில் நான்கு மேக் முகவரிகள் தெரிவதால், மறுமுனையில் மற்றொரு ஸ்விட்ச் இருக்க வேண்டும். அது அட்டவணையைக் காட்டாத எளிய வகை. எனவே, அதில் செருகியுள்ள கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, ping நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்தப்பட்ட கண்காணிப்புக் கேமராப் பதிவுக் கருவியின் கம்பியைக் கழற்றியதும் மறுமொழி நிற்கிறது. அக்கருவிக்கு 192.168.1.20 என்னும் முகவரியை யாரோ கைப்பட இட்டிருக்கின்றனர். அதில் மாணவர் கோப்புகள் எவ்வாறு திறக்கும்?

தீர்வும் வரம்பும்

பதிவுக் கருவிக்கு வேறு எவரும் பயன்படுத்தாத முகவரியை அளித்து, அதைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பின்னர்க் கணினிகளில் பழைய ஏ.ஆர்.பி. பதிவை நீக்கி மீண்டும் பார்த்தால், எல்லாவற்றிலும் 1a என முடியும் மேக் முகவரியே தெரியும்.

ஏ.ஆர்.பி. வினா ரௌட்டரைத் தாண்டிச் செல்லாது. ஆகவே, சிக்கல் வேறொரு வலையமைப்பில் இருந்தால், அதனுடன் இணைந்த ரௌட்டரின் ஏ.ஆர்.பி. அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

கோப்புகள் அனைத்தும் வழங்கியில் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. மாணவன் எதையும் அழிக்கவில்லை என்பதற்கு இரண்டு அட்டவணைகளும் சான்றளித்தன.

சிந்தனை வினா

ping கட்டளைக்கு மறுமொழி வந்தும் கோப்பு திறக்காமைக்குக் காரணம் யாது? விளக்குக.