மாத்திரை விழுங்கி நான்கு மணி நேரம்

வீசிங் முற்றி மருத்துவமனைக்கு வருகிறவருக்கு இரண்டு மருந்துகள் சேர்ந்தே தரப்படும். ஒன்று நெபுலைசரில் சால்புடமால். மற்றது ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை, பெரியவர்களுக்குப் பெரும்பாலும் 40 மில்லிகிராம். சால்புடமால் சில நிமிடங்களில் மூச்சுக்குழாயைத் தளர்த்திவிடும். ஸ்டீராய்டின் பலன் தெரிய நான்கு மணி நேரமாவது ஆகும். அதனால்தான் அதை முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுகிறார்கள். இன்னொன்றும் உண்டு. சில மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்து பெருமளவு குறைந்துவிடும். அதன் வேலையோ அரை நாளுக்கு மேல் நீடிக்கும். வருவதிலும் தாமதம், போவதிலும் தாமதம். இந்த மருந்து மரபணுக்களின் வழியாக வேலை செய்வதே இரண்டுக்கும் காரணம்.

சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ப்ரெட்னிசோலோன் அதன் வேதி வடிவத்தைச் சற்றே மாற்றிச் செய்தது. 5 மில்லிகிராம் ப்ரெட்னிசோலோன் ஏறத்தாழ 20 மில்லிகிராம் கார்ட்டிசாலுக்குச் சமம். அப்படியானால் 40 மில்லிகிராம் மாத்திரை, உடல் ஒரு நாளில் சுரக்கும் கார்ட்டிசாலைப் போல் எட்டு மடங்குக்கும் மேல்.

கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் அது செல்லின் சவ்வைத் தடையின்றிக் கடந்துவிடும். உள்ளே கார்ட்டிசால் ஏற்பி என்ற புரதம், வேறு சில புரதங்களின் பிடியில் இருக்கும். மருந்து வந்து பொருந்தியதும் ஏற்பியின் வடிவம் மாறுகிறது, பிடி விடுகிறது. ஏற்பி செல்லின் உட்கருவுக்குள் நுழைகிறது. இதற்கெல்லாம் அரை மணி நேரம் போதும். பிறகு நடப்பவற்றுக்குத்தான் நேரம் பிடிக்கிறது.

உட்கருவில் டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல் நூற்கண்டுபோல் சுற்றப்பட்டிருக்கிறது. சுற்று இறுகியிருந்தால் அந்த இடத்து மரபணுவைப் படிக்க முடியாது. ஹிஸ்டோனில் அசிட்டைல் என்ற சிறு வேதிக்கூறு ஒட்டினால் சுற்று தளரும், மரபணு இயங்கும். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாய்ச் செல்களில் என்எஃப்-கப்பாபி என்ற புரதம் அழற்சி மரபணுக்களை இப்படித்தான் திறந்து வைத்திருக்கிறது. அவற்றிலிருந்து உண்டாகும் இன்டர்லூகின்-5 போன்ற புரதங்கள் இயோசினோஃபில் என்ற வெள்ளணுக்களை வரவழைக்கின்றன. உட்சுவர் வீங்குகிறது, சளி பெருகுகிறது.

மருந்தைச் சுமந்த ஏற்பி அந்த என்எஃப்-கப்பாபியின் மேலேயே போய் ஒட்டிக்கொள்கிறது. அங்கே ஹெச்டிஏசி2 என்ற நொதியை அழைத்து வருகிறது. அது அசிட்டைலைக் கழற்ற, சுற்று மறுபடி இறுகுகிறது, மரபணு அடங்குகிறது. புகைபிடிப்பவர்களின் நுரையீரலில் இந்த நொதி குறைந்துபோகும். ஸ்டீராய்டு அவர்களுக்குச் சரியாகக் கேட்காததற்கு இது ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

மரபணு அடங்கினாலும், ஏற்கெனவே உருவான அழற்சிப் புரதங்கள் உடனே மறைவதில்லை. வந்து குவிந்த வெள்ளணுக்கள் மடிந்து தீர வேண்டும். அதே நேரத்தில் ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர்ந்து டிஎன்ஏவில் நேரடியாக அமர்ந்து, அழற்சியைத் தணிக்கும் வேறு மரபணுக்களை இயக்குகின்றன. அந்தப் புரதங்கள் புதிதாக உருவாகிச் சேரவும் நேரம் வேண்டும். நான்கு மணி நேரக் கணக்கு இதுதான். ரத்தத்தில் மருந்து குறைந்த பிறகும் இந்தப் புரதங்கள் இருப்பதால் பலன் தொடர்கிறது.

இதே ஏற்பி உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உண்டு. கல்லீரலில் அது சர்க்கரை தயாரிக்கும் மரபணுக்களைத் தூண்டிவிடுகிறது. காலையில் மாத்திரை போடுகிறவருக்குப் பிற்பகலிலும் மாலையிலும் சர்க்கரை ஏறும், மறுநாள் வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாகவே இருக்கலாம். ஆகவே நீரிழிவு உள்ளவர்கள் மதிய உணவுக்குப் பிறகும் பரிசோதிப்பது அவசியம். அழற்சியை மட்டும் அடக்கி, சர்க்கரையைத் தொடாத ஸ்டீராய்டு ஒன்றைச் செய்ய மருந்து ஆய்வாளர்கள் நீண்டகாலமாக முயல்கிறார்கள். நல்லதும் கெட்டதும் ஒரே ஏற்பியில் பின்னிக் கிடப்பதால் இன்னும் முழுதாகக் கைகூடவில்லை.

மூளையிலும் பிட்யூட்டரியிலும் உள்ள ஏற்பிகளோ, அட்ரீனலை வேலை செய்யச் சொல்லும் ஹார்மோன்களின் மரபணுக்களை அடக்குகின்றன. ஆஸ்துமாவுக்கு ஐந்து முதல் ஏழு நாட்கள் சாப்பிட்டுச் சட்டென நிறுத்தினால் பொதுவாகத் தொல்லை இல்லை. மூன்று வாரங்களைத் தாண்டினால் கட்டளை கிடைக்காத அட்ரீனல் சுருங்கத் தொடங்கலாம். மாத்திரையைத் திடீரென விட்டால் உடலில் போதிய கார்ட்டிசால் இல்லாமல் போகலாம்: கடும் அசதி, வாந்தி, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தம் சரிவு. இது உயிருக்கே ஆபத்து. எனவே அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அட்ரீனல் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் ஆகலாம். அதற்குள் அறுவை சிகிச்சையோ கடுமையான காய்ச்சலோ வந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள்கூட முன்பு ஸ்டீராய்டு சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். அந்த நாட்களுக்கு மட்டும் மருந்தைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கலாம்.