குவாலியில் தீப்பிடித்தால் பணிப்பெண்ணின் கை எதைத் தேடும்?

கலந்துரையாடலில் நேயர் ஒருவர் கேட்டார்: "கேஸ் பத்திரம் என்று எங்கள் பணிப்பெண்ணிடம் பலமுறை சொல்லிவிட்டேன். தலையை ஆட்டுகிறார். புரிந்ததா என்றுதான் தெரியவில்லை!"

தலையாட்டலை நம்ப வேண்டாம், நேயர்களே. செய்து காட்டச் சொல்லுங்கள். இந்தோனேசிய அரசாங்கம் மண்ணெண்ணெய்க்குப் பதிலாக 3 கிலோ கேஸ் தோம்பை வீடுகளுக்குக் கொடுக்கத் தொடங்கியது 2007-இல்தான். அதனால் அங்கிருந்து வரும் நடுத்தர வயதினர் பலர் விறகிலும் மண்ணெண்ணெயிலும் சமைத்துப் பழகியவர்கள். நம் வீட்டு 14 கிலோ தோம்பு அவர்களுக்குப் புதிதாக இருக்கலாம்.

முதல் பாடம், தோம்பின் தலையில் உள்ள ரெகுலேட்டரை மூடுவது. அடுப்பு எரியாதபோது பத்துத் தடவை மூடித் திறக்கச் சொல்லுங்கள். இருட்டிலும் கை தானாக அங்கே போகவேண்டும். கேஸ் வாடை வந்தால் விளக்கு, மின்விசிறி என எந்தச் சுவிட்சையும் தட்டக்கூடாது. ஓடும் விசிறியை நிறுத்துவதும் கூடாது; அந்தச் சிறு பொறியே போதும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். ஆகவே ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு, பிள்ளைகளோடு வெளியேறிய பிறகே 999-ஐ அழைக்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய்த் தீ. வடை சுடும்போது வாசலில் மணி அடிக்கிறது, அவர் போய்விடுகிறார். எண்ணெய் புகைந்து தீப்பிடிக்கிறது. திரும்பி வந்தவரின் கை தண்ணீரைத்தான் தேடும். தண்ணீரோ கொதிக்கும் எண்ணெய்க்கு அடியில் போய், நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை முகத்தில் வீசும். குவாலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும் ஆபத்து. குவாலியைவிடப் பெரிய உலோக மூடி ஒன்று அடுப்பருகிலேயே இருக்கட்டும். அதைக் கேடயம்போல் முன்னால் பிடித்து, தம் பக்கமிருந்து எதிர்ப்பக்கமாகத் தள்ளி மூடவேண்டும். கை எட்டினால் அடுப்பை அணைக்கலாம். தீக்கு மேலாகக் கை நீட்டக்கூடாது. எண்ணெய் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கவே கூடாது, திறந்தால் மீண்டும் பற்றும். ஆறிய குவாலியில் இதைப் பழக்குங்கள்.

தீயணைப்புக் கருவியை அடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். சமையலறை வாசலருகில் இருக்கட்டும். வீட்டில் வைக்கும் சிறிய பொடிக் கருவி ஏறத்தாழ பத்து விநாடிதான் வேலை செய்யும். அருகில் நின்று எண்ணெய்மேல் அடித்தால் எண்ணெய் தெறிக்கும். பொடி எண்ணெயைக் குளிர்விக்காது என்பதால் தீ திரும்பவும் வரலாம். அதனால்தான் மூடிக்கு முதலிடம். திரைச்சீலை, குப்பைக்கூடை பற்றிக்கொண்டால் கருவி உதவும்: ஊசியை இழுத்து, இரண்டு மீட்டர் தள்ளி நின்று, தீயின் அடிப்பகுதியைக் குறிவைத்துப் பிடியை அழுத்தவேண்டும். ஒத்திகையில் ஊசியைத் தொட்டுக் காட்டினால் போதும். சற்றே அழுத்திப் பார்த்தாலும் அழுத்தம் கசிந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டிவரும். அவரால் அதைத் தூக்க முடிகிறதா என்றும் பாருங்கள்!

இன்னொன்று. திட்டு விழும் என்ற பயத்தில் தீயோடு தனியாகப் போராடுவோர் உண்டு. "அணையாவிட்டால் ஓடிவிடு, யாரும் கோபிக்கமாட்டோம்" என்று இப்போதே சொல்லிவையுங்கள். கிரில் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் வீடுகளில், அந்தச் சாவி பகல் முழுவதும் அவர் கைக்கெட்டும் ஆணியில் தொங்கவேண்டும்.