உங்களுக்குத் தெரியுமா? பெரிய சட்டைக்குத் தனிக் கணக்கு

40 அளவுச் சட்டையின் பேட்டர்னை எல்லாப் பக்கமும் 10 சதவீதம் பெரிதாக்கினால் 44 அளவு கிடைத்துவிடுமா? கிடைக்காது. 25 அங்குலக் கைநீளம் 27½ ஆகி மணிக்கட்டைத் தாண்டித் தொங்கும். உடம்பு பருக்கும் அளவுக்கு எலும்பு நீள்வதில்லையே!

அதனால் ஒவ்வோர் இடத்துக்கும் தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள். மார்புச் சுற்றில் 4 அங்குலம் கூட்டினால், தோளின் அகலத்தில் சுமார் 1 அங்குலமும் கைநீளத்தில் ஏறக்குறைய அரை அங்குலமும்தான் கூட்டுவார்கள். பொத்தான் மாறுவதே இல்லை. இந்த வேலைக்குப் பெயர் கிரேடிங்.

இதற்கும் எல்லை உண்டு. மிகப் பெரிய அளவுகளில் வயிறு முன்தள்ளுவதால் சட்டையின் முன்பக்கம் மேலே தூக்கிக்கொள்ளும். அந்த உடல்வாகுக்கு அடிப்படைப் பேட்டர்னையே புதிதாக வரைய வேண்டும்.