309க்கும் 310க்கும் நடுவே

2014 ஆகஸ்டில் கொலம்பியா நாட்டுப் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் ‘சபேர் 11’ தேர்வை எழுதினார்கள். நம்முடைய பிளஸ் டூ பொதுத்தேர்வைப்போல நாடு முழுவதும் நடக்கும் தேர்வு அது. மொத்த மதிப்பெண் 500. அவர்கள் தேர்வறையில் உட்கார்ந்திருந்தபோது 310 என்ற எண்ணுக்குத் தனி மதிப்பு எதுவும் கிடையாது.

அக்டோபரில் அரசு ஒரு புதிய உதவித்தொகைத் திட்டத்தை அறிவித்தது. பெயர் ‘செர் பிலோ பாகா’. படிப்பில் சுட்டியாக இருந்தால் பலன் உண்டு என்பது அதன் பொருள். 310க்குக் குறையாமல் எடுத்திருக்க வேண்டும். குடும்பம் அரசின் வறுமைக் கணக்கெடுப்பில் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். தரச்சான்று பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் படிப்புக் கட்டணம் முழுவதையும் அரசு கட்டும், கைச்செலவுக்கும் கொஞ்சம் தரும். பட்டம் வாங்கிவிட்டால் திருப்பித் தர வேண்டியதில்லை. பாதியில் நின்றால் அது கடனாகிவிடும். முதல் ஆண்டுக்கு இலக்கு ஏறத்தாழ 10,000 மாணவர்கள்.

இந்தப் பணத்தால் உண்மையில் என்ன மாறியது? உதவித்தொகை வாங்கியவர்களில் எத்தனை பேர் கல்லூரிக்குப் போனார்கள், வாங்காதவர்களில் எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்பதுதான் முதலில் தோன்றும் வழி. அது தவறான வழி. வாங்கியவர்களின் கூட்டத்தில் 400 எடுத்த பிள்ளையும் இருக்கிறாள். வீட்டில் எவ்வளவு வறுமை இருந்தாலும் அவளை எப்படியாவது கல்லூரியில் சேர்த்துவிட யாராவது முன்வந்திருப்பார்கள். வாங்காதவர்களின் கூட்டத்தில் 180 எடுத்தவனும் இருக்கிறான். அவ்விருவருக்கும் இடையில் உள்ள வித்தியாசத்தை உதவித்தொகையின் கணக்கில் எழுதினால், அவளுடைய படிப்புத் திறனையும் பணத்தின் பலனாகவே சொன்னதாகிவிடும்.

ஆனால் 310 எடுத்தவளையும் 309 எடுத்தவளையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஒரே மாதிரிப் பள்ளியில் படித்தவர்கள், ஒரே அளவு வறுமை. ஒருத்தி தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகக் குறித்த விடை சரியாகிவிட்டது. இன்னொருத்திக்கு அன்று காலையில் தலைவலி. அந்த ஒரு மதிப்பெண்ணை அவர்கள் அறிவின் வித்தியாசம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். குலுக்கல் சீட்டுப் போட்டுப் பிரித்ததுபோல ஒருத்தி கோட்டுக்கு மேலே விழுந்தாள், மற்றவள் கீழே விழுந்தாள். கோட்டின் இருபுறமும் இப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால், அவர்களுக்குள் உள்ள பெரிய வேறுபாடு ஒன்றுதான்: ஒரு பக்கத்தாருக்குக் கதவு திறந்தது, இன்னொரு பக்கத்தாருக்குத் திறக்கவில்லை.

கட்-ஆஃப் என்ற சொல்லோடு வளர்ந்தவர்கள் நாம். அரை மதிப்பெண்ணில் இடம் தவறிய பிள்ளை இல்லாத தெரு நம் ஊரில் இல்லை. அந்த அரை மதிப்பெண்ணில் இருக்கும் அநியாயத்தையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறது இந்த முறை. ஆய்வாளர்கள் இதற்கு வைத்த பெயர் ‘ரிக்ரெஷன் டிஸ்கண்டின்யூட்டி’. கோடு அறுபடும் இடத்தை அளப்பது என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

அளப்பது எப்படி? ஒரு வரைபடத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இடமிருந்து வலமாக மதிப்பெண். பக்கவாட்டில், அந்த மதிப்பெண் எடுத்த ஏழைப் பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேர் உடனே கல்லூரியில் சேர்ந்தார்கள் என்ற எண். உதாரணத்துக்கு நானே சில எண்களைப் போடுகிறேன்: 280இல் 31 பேர், 290இல் 33, 300இல் 35. மதிப்பெண் கூடக் கூடக் கல்லூரிக்குப் போவதும் மெல்ல ஏறுகிறது. இந்தக் கோட்டை இதே சாய்வில் 310 வரை நீட்டினால் 37இல் வந்து நிற்கும். உதவித்தொகையே இல்லாதிருந்தால் 310 எடுத்தவர்களில் எத்தனை பேர் சேர்ந்திருப்பார்கள் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகச் சிறந்த விடை அந்த 37. இப்போது வலப்பக்கத்துப் புள்ளிகளுக்குத் தனியாக ஒரு கோடு போட்டு அதை 310க்குப் பின்னோக்கி இழுங்கள். இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் சந்தித்தால் திட்டத்தால் பலன் இல்லை. சந்திக்காமல் நடுவே படிக்கட்டு தெரிந்தால், அந்தப் படிக்கட்டின் உயரமே பலன்.

கொலம்பியாவில் தெரிந்த படிக்கட்டு மிக உயரமானது. ஹூலியானா லொண்டோன்யோ-வேலெஸ், கத்தரீன் ரொட்ரிகெஸ், ஃபாபியோ சாஞ்செஸ் ஆகிய மூவரும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, நூற்றுக்கு ஏறத்தாழ 37ஆக இருந்தது 310இல் ஒரே தாவாகச் சுமார் 69க்குப் போனது. நூறு பேரில் கூடுதலாக 32 பேர். கூடுதலாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் போனது, அதுவரை வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டுமே எட்டக்கூடியதாக இருந்த தரமான தனியார் பல்கலைக்கழகங்களுக்கு.

இந்த யோசனை புதிதல்ல. 1960இல் டொனால்ட் திசில்த்வெய்ட், டொனால்ட் கேம்ப்பெல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதை முதன்முதலில் செய்து காட்டினார்கள். அதுவும் மாணவர்களைப் பற்றியதுதான். தேசியத் திறனறி உதவித்தொகைப் போட்டியில் கட்-ஆஃபைத் தொட்டவர்களுக்குத் தகுதிச் சான்றிதழும், சற்றுத் தவறியவர்களுக்கு வெறும் பாராட்டுக் கடிதமும் கிடைத்தன. சான்றிதழ் வாங்கியவர்களுக்கு வேறு உதவித்தொகைகள் கிடைக்கும் வாய்ப்பு கூடியது; மேற்படிப்புக்குப் போக வேண்டும் என்ற அவர்களின் திட்டத்தை அது மாற்றவில்லை. அதன்பிறகு பல பத்தாண்டுகள் இந்த முறை பெரிதும் கவனிக்கப்படாமலே கிடந்தது. 1990களின் பிற்பகுதியில்தான் பொருளாதார ஆய்வாளர்கள் இதைக் கையில் எடுத்தார்கள்.

எவ்வளவு தூரம் வரை உள்ள மாணவர்களைக் கணக்கில் சேர்ப்பது என்பதில்தான் கை நடுங்க வேண்டும். 308 முதல் 311 வரை மட்டும் எடுத்தால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும், ஆனால் ஆட்கள் குறைவாக இருப்பதால் எண் அங்கும் இங்கும் ஆடும். 200 முதல் 420 வரை எடுத்தால் ஆட்டம் நிற்கும், ஆனால் வேறொரு ஆபத்து வரும். உண்மையில் மெல்ல வளைந்து ஏறும் ஒரு பாதையை இரண்டு நேர்கோடுகளாக வெட்டினால், இல்லாத படிக்கட்டு ஒன்று நடுவில் முளைத்துவிடும். அதனால் நல்ல ஆய்வாளர் அகலத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பார். படிக்கட்டு ஏறத்தாழ அதே உயரத்தில் நிற்கிறதா என்று கவனிப்பார். பிறகு 290 அல்லது 330 போன்ற, எந்த விதியும் தொடாத எண்களைக் கட்-ஆஃப் என்று வைத்து அதே கணக்கைப் போடுவார். அங்கேயும் படிக்கட்டு தெரிந்தால் கோடு போட்டதில் ஏதோ தப்பு. கடைசியாக, உதவித்தொகைக்கு முன்பே முடிவாகிவிட்ட விஷயங்களை, உதாரணத்துக்குத் தாயின் படிப்பை, இதே தாளில் வரைந்து பார்ப்பார். 310இல் தாயின் படிப்பும் தாவுகிறது என்றால், கோட்டின் இருபுறமும் இருப்பவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல.

இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றே: யாரும் தன்னைத் தானே கோட்டுக்கு மறுபக்கம் நகர்த்திக்கொள்ளக் கூடாது. 2014இல் தேர்வு முடிந்த பிறகே திட்டம் அறிவிக்கப்பட்டதால் 310ஐக் குறிவைத்து யாராலும் எழுத முடியவில்லை. ஆய்வாளர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு அபூர்வமாகவே கிடைக்கும்.

நகர்த்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்பதற்கும் கொலம்பியாவிலேயே சான்று உண்டு. வறுமையை அளக்கும் ‘சிஸ்பென்’ கணக்கெடுப்பு 1990களில் வீட்டின் தரை, குடிநீர், படிப்பு போன்றவற்றைக் கேட்டு ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண் கொடுத்தது. பல நலத்திட்டங்களுக்கு எல்லை 47. அதற்கு மேலே போனால் கிடையாது. தொடக்க ஆண்டுகளில் குடும்பங்களின் எண்ணிக்கை 47ஐக் கடந்து சீராகவே போனது. மதிப்பெண் போடும் சூத்திரம் நகராட்சி அதிகாரிகளுக்குத் தெரிந்த பிறகு, 1998 முதல், 47க்குச் சற்றுக் கீழே குடும்பங்கள் குவிந்தன. சற்று மேலே திடீர்ப் பள்ளம். தேர்தல் போட்டி கடுமையாக இருந்த ஊர்களில் இந்தக் குவியல் இன்னும் பெரிது. அத்ரியானா கமாச்சோவும் எமிலி கொனோவரும் 2011இல் வெளியிட்ட கட்டுரை இதைப் படம் போட்டுக் காட்டியது. அப்படிப்பட்ட எல்லையில் 46ஐயும் 48ஐயும் ஒப்பிட்டால், வறுமையை விட்டுவிட்டு ஆள்பலத்தை அளந்தவர்களாவோம். எந்தக் கட்-ஆஃப் ஆய்வைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்தப் படத்தைத்தான்: ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் எத்தனை பேர்? குவியலும் பள்ளமும் இருந்தால் மேற்கொண்டு படிப்பதில் அர்த்தமில்லை.

இன்னொரு சிக்கல். 310ஐத் தாண்டிய எல்லோரும் உதவித்தொகை வாங்கவில்லை. சிலருக்குப் பல்கலைக்கழக இடம் கிடைக்கவில்லை, சிலர் விண்ணப்பிக்கவில்லை. ஆகவே மேலே சொன்ன 32, தகுதி பெற்றதன் பலன். வாங்கியவர்களுக்கு எவ்வளவு பலன் என்று தெரிய, வாங்கியவர்களின் விகிதத்தால் வகுக்க வேண்டும். தகுதி பெற்றவர்களில் 60 சதவீதம் பேர் வாங்கினார்கள் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், 32ஐ 0.6ஆல் வகுத்து 53 என்று வரும்.

இந்த எண் யாரைப் பற்றிப் பேசுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 310ஐ ஒட்டி நிற்பவர்களைப் பற்றி மட்டும்தான். 450 எடுத்தவளுக்கு இந்தப் பணம் எவ்வளவு உதவியது என்றோ, எல்லையை 250க்கு இறக்கினால் என்ன நடக்கும் என்றோ அது சொல்லாது. 309இல் நின்றவர்களையும் திட்டம் தொட்டிருக்கிறது. தேவை பெருகியதும் பல்கலைக்கழகங்கள் இடங்களைக் கூட்டின, அதில் தகுதியில்லாதவர்களும் உள்ளே போனார்கள் என்று அதே ஆய்வு வேறொரு முறையில் கணக்கிட்டுச் சொல்கிறது. அப்படியானால் கோட்டின் இருபுறத்துக்கும் உள்ள இடைவெளி மட்டும் முழுப் பலன் ஆகாது.

அடுத்த ஆண்டிலிருந்து நிலைமை மாறியது. உதவித்தொகை உண்டு என்று தெரிந்தே பிள்ளைகள் தேர்வுக்கு உட்கார்ந்தார்கள். அந்த நம்பிக்கை அவர்களை இன்னும் கொஞ்சம் படிக்க வைத்ததா என்பதை மதிப்பெண் கட்-ஆஃபை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் நம்பிக்கை கோட்டின் இருபுறமும் இருந்தது. ஆனால் திட்டத்துக்கு இன்னொரு எல்லையும் இருந்ததே, வறுமை எல்லை. அதற்குச் சற்றுக் கீழே இருந்த குடும்பத்துப் பிள்ளைகளையும் சற்று மேலே இருந்தவர்களையும் ஒப்பிட்டபோது, கீழே இருந்தவர்களின் சபேர் 11 மதிப்பெண் கூடியிருந்தது. பணம் கைக்கு வருவதற்கு முன்பே, வரலாம் என்ற செய்தியே வேலை செய்திருந்தது.

மதிப்பெண் எல்லை 2015இல் 318 ஆனது, 2016இல் 342 ஆனது. முதல் ஆண்டில் 310 எடுத்து உள்ளே போன பிள்ளை இரண்டு ஆண்டு பிந்திப் பிறந்திருந்தால் வெளியே நின்றிருப்பாள்.