மாதத் தவணை கணக்கிடும் முறை

பால் ஊற்றும் குடியானவருக்கு மாதந்தோறும் கையில் பணம் வருவதால், கறவை மாடு வாங்கும் கடனை மாதத் தவணையாகச் செலுத்துவது அவருக்குத் தோதானது. ஆனால் தவணைத் தொகை எவ்வாறு ஏற்பட்டதென்பதைக் கடன் வாங்குவோரில் பலர் அறியார். அசல், வருஷ வட்டி விகிதம், மாதங்களின் எண்ணிக்கை ஆகிய மூன்றும் தெரிந்தால் அதனை எவரும் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஒருவர் இரண்டு மாடுகளுக்காக ரூ. 1,00,000 கடன் பெறுகிறாரென்றும், வட்டி வருஷத்திற்கு நூற்றுக்கு 12 என்றும், கெடு 24 மாதமென்றும் கொள்வோம். முதலில் வருஷ வட்டியை 12ஆல் வகுத்து மாத வட்டியாக்க வேண்டும். இங்கே அது நூற்றுக்கு 1, அதாவது 0.01. இப்படி வகுக்காமல் வருஷ விகிதத்தையே கணக்கிற் சேர்த்துவிடுவது அடிக்கடி நேரும் பிழையாகும்.

அடுத்து, 1.01 என்னும் எண்ணை 24 தடவை எழுதி ஒன்றோடொன்று பெருக்கி வருவதைக் காண வேண்டும். இதனைப் 'பெருக்கு' என்று குறிப்போம். 24 முறை பெருக்கி அலுக்க வேண்டுவதில்லை. மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 1.030301. அதனை அதனாலேயே பெருக்க, 6 மாதத்திற்கு 1.061520. மறுபடி அவ்வாறே செய்ய, 12 மாதத்திற்கு 1.126825. இன்னுமொரு முறை செய்ய, 24 மாதத்திற்கு 1.269735. தசமப் புள்ளிக்குப் பின் ஆறு ஸ்தானம் வரை வைத்துக்கொள்வது நலம். 1.3 என்று சுருக்கிவிட்டால் தவணை ரூ. 370க்கு மேல் குறைந்து தோன்றும்.

பிறகு சூத்திரம் இதுவே:

தவணை = அசல் × மாத வட்டி × பெருக்கு ÷ (பெருக்கு − 1)

அசலையும் மாத வட்டியையும் பெருக்க 1,000. அதைப் பெருக்கினால் பெருக்க 1,269.735. இதனை 0.269735ஆல் வகுக்க, தவணை ரூ. 4,707.35 ஆகிறது.

இதன் காரணம் எளிது. ஒன்றுமே செலுத்தாதிருந்தால் கடன் 24 மாத முடிவில் சுமார் ரூ. 1,26,973 ஆக வளர்ந்திருக்கும். செலுத்தும் தவணைகளும் அதே விகிதத்தில் வளர்வதாகக் கொண்டால், முதல் தவணை 23 மாதம் வளரும். கடைசித் தவணை வளராது. இவ்விரண்டு தொகைகளும் முடிவில் சமமாக வேண்டுமென்பதே சூத்திரத்தின் உட்பொருள்.

கணக்குப் புத்தகத்தில் இது நடப்பதைப் பார்க்கலாம். முதல் மாத வட்டி ரூ. 1,000, தவணையில் எஞ்சிய ரூ. 3,707.35 அசலிற் கழியும். பாக்கி ரூ. 96,292.65. ஆகவே இரண்டாம் மாத வட்டி ரூ. 962.93 தான், அசலிற் கழிவது ரூ. 3,744.42. இவ்வாறு வட்டி மாதந்தோறும் தேய்ந்து, கடைசி மாதத்தில் ரூ. 46.61க்கு வந்து நிற்கும். இரண்டு வருஷத்தில் செலுத்தும் மொத்த வட்டி சுமார் ரூ. 12,976. தவணையை ரூ. 4,707 என்று முழு ரூபாயாக்கினால், விட்ட பைசாக்கள் வட்டியுடன் சேர்ந்து கடைசித் தவணை ஏறக்குறைய ரூ. 4,716 ஆகும். அதைக் கண்டு ஐயுற வேண்டாம்.

ஐயுற வேண்டிய இடம் வேறு. சிலர் அதே '12 வட்டி' என்று சொல்லி, முழு அசலுக்கும் இரண்டு வருஷ வட்டி ரூ. 24,000 என முதலிலேயே சேர்த்து, ரூ. 1,24,000ஐ 24ஆல் வகுத்து, மாதம் ரூ. 5,166.67 கேட்பர். கழிந்துபோன அசலுக்கும் கடைசி வரை வட்டி கொடுக்கும் முறை இது. சூத்திரத்தின்படி பார்த்தால் இதன் உண்மையான வருஷ வட்டி நூற்றுக்குச் சுமார் 21½. கையொப்பமிடுமுன் தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, இரண்டாம் மாத வட்டி எவ்வளவு என்று பார்த்தாற் போதும். முதல் மாத வட்டியே குறையாமல் அங்கும் எழுதப்பட்டிருந்தால் நிலைமை விளங்கிவிடும். சான்றுக்கும் விளக்கத்திற்கும் தம்மிடம் வருவோருக்குக் கிராம உத்தியோகஸ்தர்கள் இந்த ஒரு வரியைக் காட்டிக் கொடுக்கலாம்.

நெல்லோ கரும்போ மட்டும் பயிரிடுபவருக்கு மாதத் தவணை பொருந்தாது. அறுவடைக்கு முன் அவர் தவணைக்காக வேறிடத்திற் கைமாற்று வாங்க நேரும். அவர் அரை வருஷத் தவணை கேட்பதே முறை. சூத்திரம் மாறாது: வட்டியை 0.06 என்றும், தவணைகளை 4 என்றும் கொள்ள வேண்டும். பெருக்கு 1.262477; தவணை ரூ. 28,859.15. அசல் அதிக நாள் நிற்பதால் மொத்த வட்டி சுமார் ரூ. 15,437 ஆகி, மாதத் தவணையைக் காட்டிலும் ஏறக்குறைய ரூ. 2,460 கூடும்.