வெள்ளாற்று முகத்துவாரமும் இரண்டு துருவங்களும்

ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளாற்றில் வெள்ளம் இறங்கும்போது, பரங்கிப்பேட்டை முகத்துவாரத்துக்கு அருகே தண்ணீர் இரண்டு அடுக்காக நிற்பதுண்டு. மேலே கலங்கலான ஆற்று நீர், அடியில் தெளிந்த கடல் நீர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையில் உள்ள இந்த ஊரில்தான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இருக்கிறது. அங்கே படிக்க வரும் மாணவர் முதலில் பழகும் வேலைகளில் ஒன்று, மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் தனித்தனியே எடுத்து உப்பளவு பார்ப்பது. ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். கோடை நாளில் அது 35-ஐ ஒட்டி நிற்கும். ஆயிரம் கிராம் தண்ணீரில் 35 கிராம் உப்பு என்று பொருள். மழைக்காலத்தில் மேல் தண்ணீரை வைத்தால் கோடு சடசடவென்று கீழே இறங்கிவிடும். பெருவெள்ளம் வந்தால் அடிவரை நன்னீராகவே ஆகிவிடுவதும் உண்டு.

வட துருவக் கடலும் இப்படிப்பட்ட ஒரு முகத்துவாரம்தான், அளவில் மட்டும் மிகப் பெரியது.

ஆர்க்டிக் என்பது நிலம் சூழ்ந்த கடல். சுற்றிலும் ரஷ்யா, கனடா, அலாஸ்கா, கிரீன்லாந்து. சைபீரியாவின் ஓப், யெனிசே, லீனா, கனடாவின் மெக்கன்சி ஆகிய பெரிய ஆறுகள் அதில்தான் வந்து விழுகின்றன. உலகக் கடல் நீரில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கே உள்ள அந்தக் கடலுக்கு, உலக ஆறுகள் கொண்டுவரும் நீரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போய்ச் சேர்கிறது. அதனால் மேலே உப்புக் குறைந்த நீர் ஒரு போர்வையாகப் படர்ந்திருக்கிறது. ஏறத்தாழ இருநூறு மீட்டருக்குக் கீழே அட்லாண்டிக்கிலிருந்து வரும், சற்று வெப்பமான உப்பு நீர் ஓடுகிறது.

சாதாரணமாகக் குளிர்ந்த நீர் கனத்துக் கீழே இறங்கும், கதகதப்பான நீர் மேலே வரும். ஆனால் உறைநிலையை நெருங்கும் குளிரில் கடல் நீரின் கனத்தைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது வெப்பம் அல்ல, உப்பு. உப்புக் குறைந்த மேல் நீர் எவ்வளவு குளிர்ந்தாலும் இறங்காமல் மேலேயே தங்கி உறைகிறது. கீழிருக்கும் வெப்பத்தால் அதைத் தொட முடிவதில்லை. நிலம் வேலி போட்டிருப்பதால் பனிப்பாளங்களும் எளிதில் தப்பி ஓடுவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறி, சில ஆண்டுகள் தங்கித் தடிக்கின்றன.

தெற்கே கதை தலைகீழ். அண்டார்க்டிகா கடல் சூழ்ந்த கண்டம். அங்கே கடலில் வந்து விழும் பெரிய ஆறு எதுவும் இல்லை. உலக ஆறுகள் அனைத்தும் சேர்ந்து கொண்டுவரும் நீரைப்போல் நூறு மடங்குக்கு மேல் சுமந்தபடி ஒரு நீரோட்டம் கண்டத்தைச் சுற்றிச் சுழல்கிறது. மேற்கிலிருந்து வீசும் காற்று மேல் நீரை வடக்கே தள்ளத் தள்ள, ஆழத்திலிருந்து சற்று வெப்பமான உப்பு நீர் மேலே ஏறிவருகிறது. குளிர்காலத்தில் சுமார் 1.8 கோடி சதுர கிலோமீட்டர் வரை கடல் உறைந்தாலும், அந்தப் பனி பெரும்பாலும் மெல்லியது. தடுக்க வேலி இல்லாததால் விரிந்துகொண்டே வடக்கே போய், கோடையில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது.

இந்தியா இரண்டு இடத்திலும் கால் ஊன்றியிருக்கிறது. தெற்கே 1989 முதல் மைத்ரி, 2012 முதல் பாரதி. வடக்கே ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தில் 2008 முதல் ஹிமாத்ரி. வெள்ளாற்றில் செய்யும் அதே சோதனையை அங்கே செய்வது இண்டார்க் என்ற நங்கூரமிட்ட கருவித் தொகுதி. அதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்துக்கு முக்கியப் பங்கு உண்டு. 2014 ஜூலையில் கோங்ஸ்பியோர்டன் கடற்கழியில், 192 மீட்டர் ஆழத்தில் இறக்கினார்கள். வெவ்வேறு ஆழங்களில் தொங்கும் உணரிகள் வெப்பத்தையும் உப்பையும் பதிவு செய்கின்றன. பனி மூடிய மாதங்களில் கப்பல் போவது கடினம், ஆகவே ஆண்டு முழுவதும் அளக்க இது நல்ல வழி. வெப்பமும் உப்பும் சேர்ந்து ஏறினால் அட்லாண்டிக் நீர் உள்ளே நுழைந்துவிட்டது என்று அறியலாம். அந்தக் கழி 2006-க்குப் பிறகு பல குளிர்காலங்களில் முன்புபோல் உறையவில்லை.

வடக்கே மிதக்கும் பனி முழுவதும் உருகினாலும், டம்ளரில் ஐஸ் கரைவதைப் போல, கடல் மட்டம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அண்டார்க்டிகாவில் பனி நிலத்தின் மேல் கிடக்கிறது. அது முழுவதும் உருகப் பல ஆயிரம் ஆண்டுகள் ஆகலாம், ஆனால் உருகினால் கடல் சுமார் 58 மீட்டர் உயரும். மேற்கு அண்டார்க்டிகாவில், அமுண்ட்சன் கடலோரம், ஆழத்திலிருந்து வரும் அந்த உப்பு நீர் பனித்திட்டுகளின் அடியை இப்போதே அரித்துக்கொண்டிருக்கிறது. கடல் உயர்ந்தால் வெள்ளாற்றுப் பக்கமும் தப்பாது: அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காடு நிற்பது கடல் மட்டத்திலேயே. கடலூர் நகரமும் அதைவிடச் சில மீட்டர்தான் உயரம்.