வீக்கத்துக்கு முன்னால் வரும் குறுகுறுப்பு

ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பையனை நினைத்துக்கொள்ளுங்கள். எடை 30 கிலோ. ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி அவன் உடலில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. கடுமையான ஹீமோபிலியா. அடிபட்டால் மற்றவர்களைவிட வேகமாக ரத்தம் கொட்டிவிடாது, நிற்கத்தான் நேரமாகும். சின்னக் கீறல்களை அழுத்திப் பிடித்தே நிறுத்திவிடலாம். அவன் அம்மா பயப்படுவது, கண்ணுக்குத் தெரியாமல் மூட்டுக்குள் கசியும் ரத்தத்துக்கு.

ஒருநாள் கிரிக்கெட்டில் ரன் ஓடித் திரும்பும்போது முழங்கால் லேசாகத் திருகிக்கொண்டது. வீக்கமில்லை. உள்ளே ஏதோ குறுகுறுத்தது, மெல்லச் சூடேறியது. கசிவு தொடங்கியதற்கு அதுதான் முதல் அடையாளம். அப்போதே ஊசி போட்டு, ஐஸ் வைத்து, காலுக்கு ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். சொன்னால் அணியில் சேர்க்கமாட்டார்களோ என்று அவன் வாய் திறக்கவில்லை. இரவுக்குள் முழங்காலை மடக்க முடியவில்லை.

ஒரு கிலோ எடைக்கு ஒரு யூனிட் காரணி செலுத்தினால் ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். 40 சதவீதத்துக்குக் கொண்டுவர அவனுக்கு 600 யூனிட். தாமதமானதால் ஒரு டோஸ் போதவில்லை. மூட்டில் தேங்கும் ரத்தம் அதன் உட்சவ்வைப் புண்ணாக்கித் தடிக்கவைக்கும். தடித்த சவ்வு மறுபடி எளிதில் கசியும். இப்படியே குருத்தெலும்பு தேய்ந்துபோகும். இந்தச் சுழற்சியைத் தடுக்கத்தான் கசிவுக்குக் காத்திராமல் வாரம் மூன்று முறை ஊசி.

அதைத் தானே போட்டுக்கொள்ள மருத்துவமனைச் செவிலியர் கற்றுக்கொடுத்தார். மருந்துப் பொடியில் நீரைச் சேர்த்து, குலுக்காமல் மெதுவாகச் சுழற்ற வேண்டும், குலுக்கினால் நுரைக்கும். மெல்லிய ஊசி நரம்பில் இறங்கியதும் குழாயில் ரத்தம் எட்டிப்பார்க்கும். அது தெரிந்த பிறகே மருந்தை நிதானமாகத் தள்ள வேண்டும். ஊசி இருக்கும் இடம் எரிந்து புடைத்தால் அது நரம்பைவிட்டு விலகிவிட்டது, நிறுத்திவிட வேண்டும்.

விளையாட்டும் இந்தக் கணக்கோடு சேர்ந்துகொண்டது. காலையில் 750 யூனிட் போட்டால் 50 சதவீதம். ஏறத்தாழ 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும். மறுநாள் காலை 12 சதவீதம்தான் மிஞ்சும். அதனால் விளையாட்டு வகுப்புள்ள நாட்களின் காலையில் ஊசி. நீச்சல், டென்னிஸ் பந்து கிரிக்கெட் ஆகியவற்றுக்கு மருத்துவர் சம்மதித்தார். கபடிக்கு இல்லை. அதில் அவனுக்கு இன்னும் வருத்தம்தான், அதை யாரும் சமாதானம் சொல்லித் தீர்க்க முடியாது.

பிறகு நெருங்கிய நண்பர்கள் இருவரிடம் அவனே சொன்னான். ஒருவன் முதலில் கேட்டது, "எனக்கும் தொத்திக்குமாடா?" தொற்றாது, பிறவியிலேயே வருவது என்றான். அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். வலிக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரூஃபெனோ யாரும் கொடுக்கக் கூடாது. அவை ரத்தக் கசிவை அதிகமாக்கும். தலையில் அடிபட்டால், காயமே தெரியாவிட்டாலும், அவன் "ஒண்ணுமில்லடா" என்றாலும், ஓடிப்போய் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். ஸ்கேனுக்குக்கூடக் காத்திராமல் முதலில் காரணி ஊசி போட வேண்டிய அவசரம் அது.